காபி கடையில மேனேஜர் "பாக்கலாம் தம்பி"னு சொன்னாரா? அதுக்கப்புறம் என்ன பண்ணணும்: முழு வழிகாட்டி

ஓசூர் சிப்காட் பக்கம் வேலை பாக்குறவங்களுக்கு இந்த காட்சி நல்லா தெரியும். பழைய சீனியர் ஒருத்தர் மூலமா வேற கம்பெனி மேனேஜர ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு பேக்கரில பாக்குறோம், பை டூ காபி சொல்றோம், மெஷின், ஆடிட், அத்திப்பள்ளி ட்ராபிக்னு அரை மணி நேரம் பேச்சு ஓடுது, கெளம்பும்போது வண்டி சாவிய கையில எடுத்துக்கிட்டே அவரு சொல்றாரு, "எங்க லைன்ல ஒரு ஆள் தேவைப்படும் போலருக்கு, பாக்கலாம் தம்பி". அன்னைக்கு நைட்டு நமக்கு தூக்கம் வராது. மறுநாள் காலைல சிவிய அனுப்பலாமா, ரெண்டு நாள் கழிச்சு அனுப்பலாமா, ஃபோன் பண்ணா தொந்தரவா நெனப்பாரான்னு மனசு அலையும்.

நான் ஓசூர்ல மெஷினிங் ஃபீல்டுல பதினாலு வருஷமா இருக்கேன், இப்ப ஆள் எடுக்குற பக்கமும் உக்காந்திருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் என்ன நடக்குதுன்னு தெரியும். காரிமங்கலத்து தம்பி ஒருத்தருக்கு போன வருஷம் இதே மாதிரி நடந்துச்சு, அவருக்கு ஒவ்வொரு வாரமும் கூட இருந்து சொன்னேன். அவரு கதைய வச்சே எழுதுறேன், அப்பதான் எங்க என்ன பண்ணணும்னு புரியும்.

"பாக்கலாம்"னா உள்ள என்ன நடக்குதுன்னு மொதல்ல தெரிஞ்சுக்கங்க

மேனேஜர் நெனச்ச உடனே ஆள் எடுக்க முடியாது. அவரு மேன்பவர் ரிக்விசிஷன்னு ஒரு ஃபார்ம் போடணும், அதுல எதுக்கு ஆள் வேணும், என்ன கிரேடு, எவ்ளோ சம்பளம்னு எழுதி பிளான்ட் ஹெட் கையெழுத்து வாங்கணும், அப்புறம் ஹெச்ஆர், சில எடத்துல ஃபைனான்ஸும் பாக்கணும். அதுக்கப்புறம்தான் அது வேகன்சி. அதுக்கு முன்னாடி அது அவரு மனசுல இருக்கற யோசனை மட்டும்தான். அவரு பொய் சொல்லல, ஆனா அவரு கையிலயும் முழுசா இல்ல.

ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, போனவருக்கு பதிலா ஆள் எடுக்குறது. இது வேகமா நகரும், ஏன்னா அந்த சம்பளம் ஏற்கனவே பட்ஜெட்ல இருக்கு. இன்னொண்ணு, புதுசா ஒரு போஸ்ட் உண்டாக்குறது. புது லைன் வருது, புது கஸ்டமர் வர்றாங்க, அதுக்கு ஆள் வேணும்னு கேக்குறது. இது ஏப்ரல் டு மார்ச் பட்ஜெட்ல இருந்தா ஓகே, இல்லன்னா அடுத்த ஏப்ரல் வரைக்கும் கூட இழுக்கும். புது லைன்னு சொன்னா மெஷின் வந்து எறங்குற தேதிதான் உங்க தேதி, மெஷின் லேட்டானா உங்க வேலையும் லேட்டு.

மூணாவதா ஒண்ணு இருக்கு, இத யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. அந்த சீட்டுல இப்ப ஒருத்தர் உக்காந்திருப்பாரு, அவர மாத்தணும்னு மேனேஜர் நெனச்சிட்டு இருப்பாரு, அந்த ஆளுக்கே தெரியாது. ஓசூர்ல ஒரே ரூம்ல நாலு கம்பெனி பசங்க தங்குறாங்க, ஒரே பஸ்ல போறாங்க. நீங்க ரூம்மேட்கிட்ட "உங்க கம்பெனில குவாலிட்டில ஆள் எடுக்குறாங்களாமே"ன்னு சாதாரணமா கேட்டீங்கன்னா, மறுநாள் ஷிஃப்ட்ல அது அந்த மேனேஜர் காதுக்கு போயிடும். அதோட அவரு உங்கள தொடவே மாட்டாரு. அதனால மொத வேலை, வாய மூடி வைக்கிறது. வீட்ல சொல்லுங்க, அறிமுகம் பண்ணுன சீனியர்கிட்ட சொல்லுங்க, அதோட நிறுத்துங்க.

அன்னைக்கு நைட்டே எழுதி வைங்க

வீட்டுக்கு வந்ததும் ஃபோன்ல நோட்ஸ் தொறந்து, அவரு சொன்ன வார்த்தைய அப்படியே எழுதுங்க. நமக்கு புரிஞ்சத எழுதாதீங்க, அவரு சொன்னத எழுதுங்க. ரெண்டு நாள் கழிச்சு "பாக்கலாம்"ங்கறது நம்ம மனசுல "எடுத்துக்கறேன்"னு மாறிடும், எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும்.

காரிமங்கலத்து தம்பி எழுதி வச்சத எனக்கு காட்டுனாரு. அதுல நாலு வரி இருந்துச்சு. "ரெண்டாவது லைன் தீபாவளிக்கு முன்னாடி ஓடணும்." "குவாலிட்டில ஒரு ஆள் தேவைப்படும் போலருக்கு." "லைன்ல ஓகே ஆன பீஸ் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்ல போர் சின்னதா வருது, ஆபரேட்டர திட்டி பிரயோஜனம் இல்ல." கடைசியா, "நம்பர் இருக்கில்ல, பேசுவோம்."

போர்னா பீஸ்ல குடையுற ஓட்டை. இந்த நாலு வரில எல்லாமே இருக்கு. புது லைன், அதனால புது போஸ்ட், அதனால அப்ரூவல் வேணும். தேதியும் இருக்கு. சிவி கேக்கல. அப்புறம் அவருக்கு தூக்கத்த கெடுக்குற ஒரு பிரச்சினை இருக்கு, அத அவரே வாய தொறந்து சொல்லிட்டாரு. தம்பிக்கு கண்ணுல பட்டது ரெண்டாவது வரி மட்டும்தான். நான் மூணாவது வரிய பாக்க சொன்னேன்.

இன்னொண்ணும் அன்னைக்கே யோசிச்சிடுங்க. அவரு கம்பெனிக்கும் உங்க கம்பெனிக்கும் வியாபார தொடர்பு இருக்கா? அவங்க உங்க கஸ்டமரா இருந்தாலோ, நீங்க அவங்களுக்கு ஜாப் ஒர்க் பண்ணி குடுத்தாலோ, ஆள இழுக்கறது ரெண்டு எம்டிக்கும் நடுவுல பிரச்சினையாகும். பல எடத்துல "ஒருத்தர் ஆள ஒருத்தர் எடுக்க மாட்டோம்"னு எழுதாத பேச்சு இருக்கும். அப்படி இருந்தா அடுத்த தடவ பேசும்போது நீங்களே நேரா கேட்டுடுங்க, "சார், நாங்க உங்களுக்கு சப்ளை பண்றோம், இதுல உங்களுக்கு ஏதாச்சும் சிக்கல் வருமா?" மூணு ரவுண்டு முடிஞ்சு ஹெச்ஆர் கண்டுபிடிச்சு நிறுத்துறதுக்கு இது எவ்வளவோ மேல்.

மொத மெசேஜ், 24 மணி நேரத்துக்குள்ள

எதுல அனுப்பறது? எது மூலமா அந்த சந்திப்பு முடிவாச்சோ அதுலயே. வாட்ஸ்அப்ல "ஆறு மணிக்கு வாங்க"ன்னு சொல்லிருந்தா வாட்ஸ்அப். லிங்க்ட்இன்ல பேசி வந்திருந்தா லிங்க்ட்இன். அவரோட ஆபீஸ் மெயிலுக்கு மட்டும் மொதல்லயே போகாதீங்க, அது அவரு டீம்ல யாராச்சும் பாக்குற எடம். உங்க பக்கத்துலயும் சொந்த ஃபோன், சொந்த மெயில், கம்பெனி லேப்டாப்ல இருந்து எதுவும் வேணாம்.

நேரமும் பாருங்க. எங்க பக்கம் பிளான்ட்ல காலைல ஒன்பதுல இருந்து பத்தரை வரைக்கும் ப்ரொடக்‌ஷன் மீட்டிங், நேத்து ரிஜெக்‌ஷன் என்ன, டிஸ்பேட்ச் ஏன் விட்டுச்சுன்னு வாங்கி கட்டிக்கிற நேரம். அந்த நேரத்துல வர்ற மெசேஜ பாத்துட்டு விட்டுடுவோம், அப்புறம் அது கீழ போயிடும். பதினொன்றரைக்கு மேல, இல்ல சாயங்காலம் ஏழுக்கு மேல அனுப்புங்க.

தம்பி மொதல்ல எழுதுனது பதினஞ்சு வரி. "தங்களோட பொன்னான நேரத்த ஒதுக்கி"ன்னு ஆரம்பிச்சு தன்னோட அஞ்சு வருஷ அனுபவம் முழுக்க வந்துடுச்சு, கடைசில `Resume_final_2.pdf`னு ஒரு ஃபைல். எல்லாத்தையும் எடுக்க சொல்லிட்டு இப்படி அனுப்ப வச்சேன்:

"வணக்கம் சார். நேத்து நேரம் ஒதுக்கி பேசுனதுக்கு ரொம்ப நன்றி. லைன்ல ஓகே ஆகி ஃபைனல்ல போர் சின்னதா வருதுன்னு சொன்னீங்க, அது மனசுலயே ஓடுது. எங்க பக்கமும் அலுமினியம் பார்ட்ல இதே மாதிரி வந்து சரி பண்ணிருக்கோம். நான் செஞ்சு பாத்தத ஒரு பக்கத்துல எழுதி அனுப்பட்டுமா சார்?"

அவ்ளோதான். வேலை பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஏன்னா வேலை பத்தி அவரு சொன்னது அரைகுறையா ஒண்ணு, அத நாம கெட்டியா புடிச்சா அவரு பின்னாடி போயிடுவாரு. ஆனா கடைசில ஒரு கேள்வி இருக்கு, "அனுப்புங்க"ன்னு ஒரே வார்த்தைல பதில் சொல்லிடலாம். "நன்றி சார்"னு மட்டும் முடிச்சா அவரு கட்டை விரல் போட்டுட்டு போயிடுவாரு, அதுக்கப்புறம் எதை வச்சு மறுபடி பேசுவீங்க?

ஒரு விதிவிலக்கு. அவரே "சிவி அனுப்பு"ன்னு சொல்லிருந்தா அன்னைக்கே அனுப்பணும், மறுநாள் வரைக்கும் கூட வேணாம். சில பேரு "கொஞ்சம் அப்டேட் பண்ணிட்டு அனுப்பலாம்"னு ஒரு வாரம் தள்ளுவாங்க. கேட்டத அனுப்பாதவரு வேலைக்கு வந்தா ரிப்போர்ட்ட எப்ப அனுப்புவாருன்னுதான் நான் நெனப்பேன். ஃபைல் பேருல உங்க பேரும் வேலையும் இருக்கட்டும், ஏன்னா அவரு அத அப்படியே ஹெச்ஆருக்கு ஃபார்வர்ட் பண்ணுவாரு.

அதே நைட்டு பண்ணக்கூடாதது ஒண்ணு. லிங்க்ட்இன்ல அவரு டீம்ல இருக்கற எட்டு பேருக்கும் அந்த கம்பெனி ஹெச்ஆருக்கும் ரிக்வெஸ்ட் அனுப்பாதீங்க. வேலை தேடுறேன்னு காட்டுற பச்ச வளையத்த போட்டோல மாட்டாதீங்க, உங்க கம்பெனி ஹெச்ஆரும் அத பாப்பாங்க.

ரெண்டாவது தடவ, கையில ஏதாச்சும் இருக்கணும்

மேனேஜர் "அனுப்புங்க"ன்னு அன்னைக்கே சொல்லிட்டாரு. தம்பி ஒரு பக்கம் எழுத பன்னண்டு நாள் ஆச்சு, நான் அவசரப்படுத்தல. வாரத்துல ஆறு நாள் ஷிஃப்ட், நடுவுல ஊருக்கு வேற போகணும். ரெண்டு வாரத்துக்குள்ள போனா போதும்.

அந்த ஒரு பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு சொல்றேன், ஏன்னா இதுதான் மொத்த விஷயத்தையும் திருப்புச்சு. மெஷின்ல இருந்து வெளிய வந்த அலுமினியம் பீஸ் சூடா இருக்கும். சூட்டுல விரிஞ்சிருக்கும், அப்ப போர் அளந்தா பெருசா காட்டும். ஆபரேட்டர் சைஸ் பெருசா வருதேன்னு டூல் ஆஃப்செட்ட கொறைப்பாரு. ரெண்டு மணி நேரம் கழிச்சு பீஸ் ஆறி ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும்போது போர் சுருங்கி சின்னதாகிடும். ஆபரேட்டர் மேல தப்பே இல்ல, அவரு கேஜ் காட்டுனதத்தான் நம்புனாரு.

தம்பி கணக்கும் போட்டு காட்டுனாரு. அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமாரா 23 மைக்ரான் விரியும். 50 மில்லிமீட்டர் போர், பீஸ் ரூம் டெம்பரேச்சர விட 10 டிகிரி சூடா இருந்தா, 11.5 மைக்ரான் பெருசா காட்டும். அந்த 50 மில்லிமீட்டர் போருக்கு ஹெச்7ங்கற கிரேடுல மொத்த டாலரன்ஸே, அதாவது அளவு மாற விடுற வித்தியாசமே, 25 மைக்ரான்தான். கிட்டத்தட்ட பாதி டாலரன்ஸ சூடே தின்னுடுது. அப்புறம் எப்படி செக் பண்றதுன்னு ரெண்டு வரி: 20 பீஸுக்கு நம்பர் போடுங்க, மெஷின்ல இருந்து எடுத்த உடனே அளங்க, கேஜ செட் பண்ற மாஸ்டர் பீஸ் பக்கத்துலயே ரெண்டு மணி நேரம் வச்சு ஆற விட்டு அதே கேஜ்ல அளங்க, ரெண்டு அளவையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. கிட்டத்தட்ட எல்லா பீஸும் ஒரே அளவுக்கு சுருங்குனா காரணம் சூடு. சிலது சுருங்கி சிலது சுருங்கலன்னா வேற எடத்துல தேடணும், கிளாம்பிங்ல பீஸ் நசுங்குதான்னு பாக்கணும்.

கவனிங்க, இதுல தம்பியோட கம்பெனி டிராயிங் இல்ல, கஸ்டமர் பேரு இல்ல, ரிஜெக்‌ஷன் பர்சன்ட் இல்ல. எந்த மெஷினிங் ஷாப்லயும் பேசுற பொது அறிவு, அத நம்மாளு செஞ்சு பாத்த விதத்துல எழுதுனது. இந்த எல்லைய தாண்டிடாதீங்க. சொந்த கம்பெனி ரிப்போர்ட்ட ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புனவர ஒரு தடவ நானே வேணாம்னு சொல்லிருக்கேன், நாளைக்கு எங்க ரிப்போர்ட்டும் இப்படித்தான வெளிய போகும்?

உங்க ஃபீல்டு வேறயா இருக்கலாம். பர்கூர்ல ஷூ கம்பெனியா இருக்கலாம், கிருஷ்ணகிரில மாம்பழ கூழ் ஃபேக்டரியா இருக்கலாம், தருமபுரில ஒரு பேங்க் பிராஞ்சா இருக்கலாம். காபி குடிக்கும்போது அவரு எதை பத்தி பேசும்போது குரல் மாறுச்சோ அதுதான் உங்க ஒரு பக்கம். அப்படி எதுவும் சிக்கலன்னா வலுக்கட்டாயமா செய்ய வேணாம், சும்மா நெட்ல இருந்து கட்டுரை லிங்க் அனுப்புறது குட் மார்னிங் மெசேஜ் மாதிரி ஆயிடும். அந்த எடத்துல ரெண்டு வாரம் கழிச்சு நேரா கேக்குறதே நல்லது.

இப்ப வேலைய பத்தி கேக்கலாம்

நோட் அனுப்பி ரெண்டாவது நாள் மேனேஜர் ஃபோனே பண்ணாரு. இருபது பீஸ் போட்டு பாத்தாங்களாம், பதினேழு பீஸ் ஒரே மாதிரி சுருங்கிருக்கு. சந்தோஷமா பேசுனாரு. தம்பி "சரிங்க சார், சரிங்க சார்"னு வச்சிட்டாரு. எனக்கு ஃபோன் பண்ணி "அண்ணா, வேலைய பத்தி அவரு ஒண்ணும் சொல்லல"ன்னாரு. நீங்க கேட்டீங்களான்னேன். கேக்கல.

இங்கதான் நம்ம ஊரு பசங்க தவற விடுறாங்க. பெரியவங்க கிட்ட கேக்குறது மரியாத இல்லன்னு வளந்திருக்கோம், அவரா கூப்புட்டு குடுப்பாருன்னு உக்காந்திருப்போம். அவருக்கு நூறு வேலை, அதோட நீங்க இப்ப இருக்கற எடத்துல சந்தோஷமா இருக்கீங்கன்னு கூட நெனச்சிருக்கலாம். உதவி செஞ்சாரு, நல்ல பையன், அதோட முடிஞ்சுதுன்னு விட்டுடுவாரு. கேக்கணும், ஒரு தடவ தெளிவா. இத அன்னைக்கு சாயங்காலமே அனுப்ப வச்சேன்:

"சார், பீஸ் சரியா வந்துச்சுன்னு கேட்டு சந்தோஷம். அன்னைக்கு ரெண்டாவது லைனுக்கு குவாலிட்டில ஆள் தேவைப்படலாம்னு சொன்னீங்க. அப்படி வந்தா எனக்கு கண்டிப்பா ஆர்வம் இருக்கு சார். இப்ப சிவி அனுப்பட்டுமா, இல்ல அப்ரூவல் வந்தப்புறம் அனுப்பட்டுமா? எங்க நோட்டீஸ் பீரியட் 60 நாள், லைன் தேதிய வச்சு பாக்க உங்களுக்கு உதவும்னு சொல்றேன்."

நோட்டீஸ் பீரியட இங்கயே சொன்னதுக்கு காரணம் இருக்கு. தீபாவளிக்கு முன்னாடி லைன் ஓடணும்னா, 60 நாள் நோட்டீஸ் இருக்கறவர எடுக்க அவரு ரிக்விசிஷன இப்பவே போட்டாகணும். அவசரப்படுத்தாமயே அவரு கைல ஒரு காலண்டர குடுத்த மாதிரி. "சிவி இப்ப அனுப்பு, ஹெச்ஆர்கிட்ட பேசுறேன்"னு பதில் வந்துச்சு.

பதில் வரலன்னா

சிவி போச்சு, ப்ளூ டிக் விழுந்துச்சு, மூணு வாரம் ஒரு சத்தமும் இல்ல. தம்பிக்கு சாப்பாடே எறங்கல. ப்ளூ டிக் விழுந்து பதில் வரலன்னா வேணாம்னு அர்த்தம் இல்லங்க. அந்த மூணு வாரத்துல அவங்களுக்கு கஸ்டமர் ஆடிட் ஓடிட்டு இருந்துச்சு, மாசக் கடைசி டிஸ்பேட்ச், அதுக்கப்புறம் ஆயுத பூஜை. ஆயுத பூஜை வாரத்துல எங்க பக்கம் எந்த ஃபைலும் நகராது, மெஷின கழுவி பொட்டு வச்சு பொரி சாப்பிடற நாள் அது. அதே மாதிரி மார்ச் கடைசியும்.

நான் சொல்ற கணக்கு இது. கேட்டு மூணு வாரம் விடுங்க. அப்புறம் ரெண்டு வரில ஒரு மெசேஜ். அதுக்கும் பதில் இல்லன்னா இன்னும் ஒரு மாசம் கழிச்சு கடைசியா ஒண்ணு. அதோட நிறுத்திடணும். நடுவுல ஃபோன் வேணாம், அறிமுகம் பண்ணுன சீனியர விட்டு தூது அனுப்ப வேணாம், அவரு ரெண்டு பேருக்கும் நடுவுல சங்கடப்படுவாரு. ரெண்டாவது மெசேஜ்ல "என் சிவி பாத்தீங்களா சார்"னு கேக்காதீங்க, பாக்கலன்னா அவருக்கு குத்தமா இருக்கும், அதனாலயே பதில் போட மாட்டாரு. தம்பி ஆயுத பூஜை முடிஞ்ச செவ்வாக்கெழம அனுப்புனது: "சார், பூஜை நல்லபடியா முடிஞ்சிருக்கும்னு நெனக்கிறேன். ரெண்டாவது லைன் தேதி அப்படியேதான் இருக்கா, தள்ளி போயிருக்கா? அதுக்கு ஏத்த மாதிரி நான் என் பக்கம் பிளான் பண்ணிக்கறேன்." லைன பத்தி கேட்டா பதில் சொல்றது அவருக்கு சுலபம். அரை மணி நேரத்துல வந்துச்சு, "மெஷின் லேட்டு, டிசம்பர் ஆகும். ஹெச்ஆருக்கு போட்டாச்சு, கூப்புடுவாங்க."

வேணாம்னு அர்த்தம்னு எப்படி தெரிஞ்சுக்கறதுன்னா, பதில் வரும், ஆனா ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை வரும். "பாக்கலாம்", "பாக்கலாம்", "சொல்றேன்". தேதி இல்ல, ஆள் பேரு இல்ல, "ஹெச்ஆர்கிட்ட பேசு"ன்னு ஒரு நம்பர் இல்ல. ஏதாச்சும் ஒரு புது தகவல் ஒவ்வொரு தடவையும் வந்தா உள்ள நகருதுன்னு அர்த்தம். மூணு தடவ ஒண்ணுமே புதுசா இல்லன்னா நீங்க மத்த எடத்த பாக்க ஆரம்பிங்க.

கன்சல்டன்சி விஷயத்துல நான் பட்டது

இது என் சொந்த கதை, பல வருஷம் ஆச்சு. இதே மாதிரி ஒரு மேனேஜர் பேசிட்டு இருந்தாரு, ரிக்விசிஷன் போட்டாச்சுன்னும் சொன்னாரு. நான் சும்மா இருக்கட்டுமேன்னு ஓசூர்ல ஒரு கன்சல்டன்சில சிவி குடுத்து வச்சேன், எந்த கம்பெனிக்கு அனுப்பறீங்கன்னு கேக்கல. அவங்க என் சிவிய அதே கம்பெனிக்கு அனுப்பிட்டாங்க. மேனேஜர் என் பேர ஹெச்ஆர்கிட்ட சொல்லும்போது அது ஏற்கனவே கன்சல்டன்சி பேருல பதிவாயிருக்கு. இனிமே என்னை எடுத்தா கம்பெனி அவங்களுக்கு கமிஷன் குடுத்தாகணும், நம்ம நாட்டுல சாதாரணமா வருஷ சம்பளத்துல 8.33 சதவீதம், அதாவது ஒரு மாச சம்பளம். ஆறு மாசம் அந்த பதிவு நிக்கும்னு சொன்னாங்க. மேனேஜர் நேரா தெரிஞ்ச ஆளுக்கு ஏன் கமிஷன்னு பிளான்ட் ஹெட் கேட்டாரு, வேற ஒருத்தர எடுத்துட்டாங்க. அந்த மேனேஜர் என்கிட்ட கோவப்படல, ஆனா மறுபடி அவரு என்கிட்ட வேலை பத்தி பேசவே இல்ல. அது எனக்கு இப்பவும் வலிக்குது.

அதனால ஒரு மேனேஜர் கூட பேச்சு ஓடிட்டு இருக்கும்போது, கன்சல்டன்சிக்கு குடுத்தா ஒவ்வொரு கம்பெனிக்கும் என்னை கேட்டுட்டு அனுப்புங்கன்னு எழுத்துல சொல்லிடுங்க. கம்பெனி வெப்சைட்லயும் நீங்களா முந்திக்கிட்டு அப்ளை பண்ணாதீங்க. பல கம்பெனில உள்ள இருக்கறவரு ரெஃபரல் போட்டா ஒரு லிங்க் வரும், அது மூலமா போனாத்தான் அவரு பேருல சேரும், மொதல்லயே நீங்க போட்டிருந்தா அந்த லிங்க் ஏத்துக்காது. "ஹெச்ஆருக்கு போட்டாச்சு"ன்னு அவரு சொன்ன உடனே இப்படி கேளுங்க: "சார், நான் சைட்ல அப்ளை பண்ணணுமா, இல்ல நீங்க அனுப்புற லிங்க் வழியா வரணுமா?"

ஹெச்ஆர் கூப்புட்டதும்

தம்பிக்கு நவம்பர் ரெண்டாவது வாரம் ஃபோன் வந்துச்சு. ஹெச்ஆர்ல பேசுற பொண்ணுக்கு காபி கதை எதுவும் தெரியாது, அவங்களுக்கு இது ஒரு ரிக்விசிஷன் நம்பர். "சார் எனக்கு சொல்லிட்டாரு"ன்னு அவங்ககிட்ட அதிகாரமா பேசுனீங்கன்னா அங்கயே கசந்துடும். கேட்டதுக்கு பதில் சொல்லுங்க, இன்டர்வியூ தேதி முடிவானதும் மேனேஜருக்கு ஒரே வரி, "சார், ஹெச்ஆர் கூப்புட்டாங்க, வியாழக்கெழம பதினொரு மணிக்கு வர சொல்லிருக்காங்க." இது முக்கியம், ஏன்னா சில சமயம் மேனேஜருக்கே தெரியாம தேதி வச்சிருப்பாங்க, அன்னைக்கு அவரு பெங்களூர்ல கஸ்டமர் மீட்டிங்ல இருப்பாரு.

சம்பளத்த மேனேஜர்கிட்ட வாட்ஸ்அப்ல பேசாதீங்க. அவரே கேட்டா ஒரு ரேஞ்ச் சொல்லுங்க, மிச்சத்த ஹெச்ஆர்கிட்ட வச்சுக்கங்க. ரிக்விசிஷன்ல கிரேடு ஏற்கனவே எழுதியாச்சு, அதுக்கு மேல அவராலயும் தர முடியாது. நீங்க அவரு மனசுல இருக்கற நல்ல பேர செலவு பண்ணி பிரயோஜனம் இல்லாத எடத்துல பேசுன மாதிரி ஆகும்.

இன்டர்வியூ முடிஞ்சு மேனேஜர் தோள்ல தட்டி "அடுத்த மாசம் வந்துடு"ன்னு சொன்னாலும், ஆஃபர் லெட்டர் மெயில்ல வந்து, சம்பளமும் சேர்ற தேதியும் அதுல இருந்து, நீங்க அத ஏத்துக்கிட்டு பதில் அனுப்புற வரைக்கும் இங்க பேப்பர் போடாதீங்க. தோள்ல தட்டுனதுக்கப்புறம் மெஷின் லேட்டாகி போஸ்ட்ட நிறுத்தி வச்சத நான் கண்ணால பாத்திருக்கேன், ஏற்கனவே ராஜினாமா குடுத்த பையன் நாலு மாசம் வீட்ல இருந்தாரு.

தம்பிக்கு டிசம்பர் மொத வாரம் லெட்டர் வந்துச்சு. அறிமுகம் பண்ணுன சீனியருக்கு மொத ஃபோன் போட சொன்னேன், லெட்டர் வந்த அன்னைக்கே, வேற யாரோ சொல்லி அவருக்கு தெரியக்கூடாது. பிப்ரவரில சேந்தாரு. போன வாரம் ஃபோன் பண்ணாரு, ரெண்டாவது லைன்ல மெஷின் பக்கத்துல ஒரு டேபிள் போட்டு, பீஸ ஆற வச்சு அளக்குறதுக்குன்னு தனியா ஒரு ரேக் வாங்கி வச்சிருக்காராம்.